60,000 யூரோ என்றால் 60 லட்சம் இல்லை: வெளிநாட்டு ஆஃபரைக் கணக்குப் போடும்போது நடக்கும் தவறுகள்

சென்னையில் ஆண்டுக்கு 18 லட்சம் சிடிசி வாங்கும் ஒருவருக்கு முனிச்சில் 60,000 யூரோவுக்கு ஆஃபர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூகிளில் யூரோ விலையைப் பார்க்கிறார், 2025 கடைசியில் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது, பெருக்கினால் 60 லட்சம். வீட்டில் சொல்லியாயிற்று, வாட்ஸப் குரூப்பில் வாழ்த்தும் வந்தாயிற்று. இந்த ஒரே ஆஃபரை வைத்தே, எங்கெங்கே கணக்கு வழுக்குகிறது என்று பார்ப்போம். திருமணமாகாதவர், தனியாகப் போகிறார் என்று முதலில் எடுத்துக்கொள்கிறேன், குடும்பக் கணக்குக்கு அப்புறம் வருகிறேன். ஜெர்மனி வரி எண்கள் எல்லாம் 2025க்கு உரியவை.

முதல் தவறு அந்தப் பெருக்கல்தான். 2022 செப்டம்பர் வாக்கில் யூரோ சுமார் 80 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. அன்றைக்கு இதே 60,000 யூரோ 48 லட்சம், 2025 கடைசியில் 60 லட்சம். நடுவில் முனிச்சில் வாடகை குறைந்துவிட்டதா, பால் விலை இறங்கிவிட்டதா? ஒன்றும் இல்லை. அங்கேயே சம்பாதித்து அங்கேயே செலவழிக்கும் யூரோவுக்கு ரூபாய் மதிப்பு எவ்வளவு என்பதே தேவையில்லாத கேள்வி. இந்தியாவுக்கு அனுப்பப்போகும் பணத்துக்கும், இந்தியாவிலிருந்து எடுத்துப்போகும் பணத்துக்கும் மட்டும்தான் மாற்று விகிதம் வேண்டும். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

அடுத்து, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பாருங்கள். இங்கே 18 லட்சம் சிடிசி என்பதற்குள் கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் அடங்கியிருக்கும். அங்கே 60,000 என்று ஆஃபரில் போடுவது புருட்டோ, அதாவது பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம். கம்பெனி தன் பங்குக்குக் கட்டும் பென்ஷன், இன்சூரன்ஸ் பணம் இதற்கு வெளியே தனியாகப் போகிறது. ஆக இரண்டும் ஒரே வகை எண்ணே கிடையாது. இரண்டையும் கையில் வரும் தொகைக்குக் கொண்டுவந்தால்தான் பேச்சே தொடங்க முடியும்.

இந்தியப் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம். பேசிக் மாதம் 60,000 ரூபாய், பிஎஃப் முழு 12 சதவீதம், புதிய வரி முறை, வேரியபிள் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டால், 2025-26இல் மாதம் கையில் வருவது சுமார் 1,22,000 ரூபாய். அதோடு பிஎஃப் கணக்கில் இவர் பங்கும் கம்பெனி பங்கும் சேர்த்து மாதம் 14,400 ரூபாய் ஏறுகிறது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் கண்ணில் படாத பணம். வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து மாதம் 60,000 செலவு என்றால், மிச்சம் 62,000, பிஎஃப்பையும் சேர்த்தால் 76,000 சொச்சம்.

இனி ஜெர்மனிப் பக்கம். 60,000ஐ 12ஆல் வகுத்தால் மாதம் 5,000 யூரோ (சில கம்பெனிகள் 13 சம்பளமாகப் பிரித்துத் தரும், அப்போது மாதச் சம்பளம் குறையும், ஆஃபரில் பார்த்துக்கொள்ளுங்கள்). பென்ஷனுக்கு 9.3 சதவீதம், வேலையிழப்பு இன்சூரன்ஸுக்கு 1.3, மருத்துவ இன்சூரன்ஸுக்கு எட்டரையை ஒட்டி, முதுமைப் பராமரிப்புக்குக் குழந்தை இல்லாதவர் என்றால் 2.4. இவை மட்டும் சுமார் 1,080 யூரோ. அதற்கு மேல் வருமான வரி, தனி ஆளுக்கான முதல் வரிப் பிரிவில் சுமார் 800. கையில் வருவது ஏறக்குறைய 3,125 யூரோ. இதைக் கையால் போட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், `Brutto Netto Rechner` என்று தேடினால் கணக்குப் பக்கங்கள் வரும், சம்பளம், மாநிலம், வரிப் பிரிவு மூன்றையும் சரியாகக் கொடுத்தால் போதும்.

அந்தப் பக்கத்தில் சர்ச் வரி என்று ஒரு கட்டம் இருக்கும், அதைக் கிறிஸ்தவ நண்பர்கள் கவனிக்கவும். போய் இறங்கியதும் முகவரியைப் பதிவு செய்யும்போது மதத்தைக் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று எழுதினால் முனிச் இருக்கும் பவேரியா மாநிலத்தில் வருமான வரியில் 8 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள், நம் கணக்கில் மாதம் 64 யூரோ. கட்டுவதும் கட்டாததும் உங்கள் விருப்பம், ஆனால் தெரிந்து கட்டுங்கள். இன்னொன்று, மருத்துவ இன்சூரன்ஸ் மேலே ஏற்கெனவே கழிந்துவிட்டது. செலவுப் பட்டியலில் அதை மறுபடி எழுதி இரண்டு முறை கழிப்பவர்கள் இருக்கிறார்கள். அரசு முறை இன்சூரன்ஸ் என்றால் அங்கே கூட வாழும், வேலைக்குப் போகாத மனைவிக்கும் குழந்தைகளுக்கும் தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

சரி, செலவு. இங்கே நடப்பது இரண்டு வகைத் தவறு. ஒரு கூட்டம் சென்னைச் செலவை அப்படியே யூரோவாக மாற்றுகிறது, 25,000 வாடகை என்றால் 250 யூரோ போதும் என்கிற மாதிரி. இன்னொரு கூட்டம் அங்கே ஒரு காபி 350 ரூபாய் என்று பயந்து சாகிறது. இரண்டையும் விட்டுவிட்டு, யூரோவில் மட்டும் ஒரு பட்டியல் போடுங்கள்.

அதில் பெரிய எண் வாடகை, பெரிய ஏமாற்றமும் அங்கேதான். ஜெர்மன் விளம்பரங்களில் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் கால்ட்மீட்டே, வெறும் வீட்டுக்கான வாடகை. ஹீட்டிங், தண்ணீர், குப்பை, பொதுப் பராமரிப்பு சேர்ந்தது வார்ம்மீட்டே. முனிச்சில் ஒரு சின்ன வீட்டுக்கு கால்ட் 1,150, வார்ம் 1,400 என்று வைப்போம். அந்த 1,400இலும் மின்சாரமும் இன்டர்நெட்டும் பொதுவாகச் சேராது, இரண்டுக்கும் 85 போடுங்கள். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் உண்டு, தப்பிக்க முடியாது. பஸ், ரயிலுக்கு மாத டிக்கெட் 2025 விலையில் 58. மளிகையும் வீட்டுச் சாமான்களும் 350, வெளிச் சாப்பாடு, போன், துணிமணி, ஊர் சுற்றல் எல்லாம் 300. ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோக 800 என்றால் மாதத்துக்கு 67. மொத்தம் சுமார் 2,278. மிச்சம் 850 யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போதுதான் மாற்று விகிதத்தைக் கையில் எடுக்க வேண்டும். 100 ரூபாய் என்றால் 85,000. யூரோ 90க்கு இறங்கினால் 76,500. சென்னையில் மிச்சமாவதும் 76,000 சொச்சம்தான்! மும்மடங்குக்கும் மேலாகத் தெரிந்த சம்பளம், விகிதம் பத்து ரூபாய் சரிந்தால் இங்கே இருக்கும் அதே நிலைக்கு வந்துவிடுகிறது. போகக் கூடாது என்று சொல்லவில்லை, 3,125இல் அங்கே நன்றாகவே வாழலாம். பணத்துக்காக மட்டும் போகிறவருக்கு, 65,000 கேட்டுப் பேரம் பேச வேண்டிய இடம் எது என்று இந்தக் கணக்கு காட்டுகிறது. இப்போது வாங்குவதைப் போல மூன்று மடங்கு வேண்டும் என்று கேட்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ஜெர்மனியில் கட்டும் பென்ஷனைப் பிஎஃப் மாதிரி சேமிப்பில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். நான் சேர்க்க மாட்டேன். ஐந்து ஆண்டுக்குக் குறைவாகக் கட்டிவிட்டுத் திரும்பினால், ஐரோப்பாவை விட்டு இரண்டு ஆண்டு கழித்து விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம், அதுவும் உங்கள் பங்கு மட்டும். கம்பெனி பங்கு வராது. வந்தால் போனஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் படித்தவர்கள் இதற்கு நேரெதிரான தவறைச் செய்கிறார்கள். வாங்கும் சக்தி விகிதம், அதாவது பிபிபி, என்று ஒன்றை எடுத்து ஒரு யூரோவை 30 ரூபாய்க்கும் கீழே மதிப்பிட்டு, "60,000 என்பது உண்மையில் 17 லட்சம்தான், இப்போதைய சம்பளத்தை விடக் குறைவு" என்று ஆஃபரைத் தள்ளிவிடுகிறார்கள். அந்த விகிதம் நாடு முழுவதற்குமான சராசரி, முனிச் ஜெர்மனியிலேயே வாடகை அதிகமான ஊர்களில் ஒன்று. அதைவிட முக்கியம், அங்கே மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பும் 850 யூரோவை எந்த வங்கியும் 30 ரூபாய்க்கு மாற்றாது, சந்தை விலைக்குத்தான் மாற்றும்.

ஆனால் கூகிள் காட்டும் விலைக்கும் மாற்றாது. அது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் எண். அனுப்பும்போது "கட்டணம் பூஜ்யம்" என்று போட்டிருந்தால் விகிதத்தில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். 850 யூரோ அனுப்பினால் ரூபாயாக எவ்வளவு கணக்கில் விழும், அந்த ஒரு எண்ணை மட்டும் இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். இந்தியாவில் ஹோம் லோன் ஈஎம்ஐ இருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஈஎம்ஐ ரூபாயில் நிலையாக நிற்கும், யூரோ இறங்கினால் அதைக் கட்ட அதிக யூரோ தேவைப்படும், அதனால் இன்றைய விலையை விடப் பத்து சதவீதம் குறைத்தே திட்டம் போடுங்கள்.

முதல் ஆண்டுச் செலவைத் தனியாக எழுத வேண்டும், மாதப் பட்டியலில் அது தெரியவே தெரியாது. வீட்டு முன்பணம் சட்டப்படி மூன்று மாத கால்ட் வாடகை வரை கேட்கலாம், நம் கணக்கில் 3,450. அதை மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. அப்புறம், பல வீடுகள் சமையலறை இல்லாமல் வரும், அடுப்பு, அலமாரி, ஸிங்க் எதுவும் இருக்காது, மேலே பல்பு மாட்டும் இடத்தில் வெறும் ஒயர் தொங்கும். சமையலறைக்கும் கட்டிலுக்கும் சேர்த்துச் சிக்கனமாக 2,500. மொத்தம் 5,950 யூரோ, ஏழு மாதச் சேமிப்பு. முன்பணம் காலி செய்யும்போது திரும்ப வரும் என்றாலும், இறங்கும்போது கையில் இருக்க வேண்டும். கம்பெனி ரிலோகேஷனுக்கு 3,000 யூரோ தருகிறேன் என்றால், சம்பளத்தோடு சேர்த்தா, பில் காட்டி வாங்குவதா என்று கேளுங்கள். சம்பளத்தோடு வந்தால் வரியும் பிடித்தமும் போக ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். இடம்பெயர்ந்த செலவுக்குப் பில் கொடுத்து வாங்கினால் பெரும்பாலும் வரி கிடையாது.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். மனைவி வேலைக்குப் போகாமல் அங்கே உடன் இருந்தால் மூன்றாவது வரிப் பிரிவு கேட்கலாம், கையில் 3,125க்குப் பதிலாகச் சுமார் 3,500 வரும். அவர் சென்னையிலேயே இருக்கும்வரை முதல் பிரிவுதான், "கல்யாணமானவர்" என்று கால்குலேட்டரில் போட்டு ஏமாறாதீர்கள். ஆனால் மனைவி சென்னையில் மாதம் 80,000 சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்றால், வரி குறைவதால் கையில் கூடுவது சுமார் 37,500 ரூபாய் மதிப்பு, வீட்டுக்கு வராமல் நிற்பது 80,000. ப்ளூ கார்டு என்கிற வேலை அனுமதி வைத்திருப்பவரின் துணைவர் உடனே வேலை பார்க்க அனுமதி உண்டு, ஆனால் மொழி தெரியாமல் வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று அவருடைய துறையில் இருப்பவர்களிடம் விசாரித்து, அத்தனை மாதத்துக்கும் அவருடைய சம்பளம் பூஜ்யம் என்றே எழுதுங்கள்.