தேங்கி நிற்கும் புல் ரிக்வெஸ்ட்: யாரால் என்று கணிப்பதில் நேரும் தவறுகள்

பராமரிப்புப் பொறுப்பைப் புதிதாக ஏற்ற இருவர், நெடுநாளாக நகராத புல் ரிக்வெஸ்ட்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் “எழுதியவர் கவனிக்கவில்லை” என்று குறித்துக்கொண்டே போனதை அண்மையில் பார்த்தேன். அவற்றுள் பல தவறான குறிப்புகள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அதே சொற்களைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். டிராஃப்ட் நிலையில் இருப்பதைத் தேங்கியதாக எண்ணுவது போன்ற சிறு பிழைகள் தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

## சிவப்புக் குறியைக் கண்டதும் எழுதியவரைக் குறை சொல்வது

கிட்ஹப்பில் ரிவியூவர் திருத்தம் கேட்டு ரிவியூவைச் சமர்ப்பித்ததும் `Changes requested` என்ற சிவப்புக் குறி விழுகிறது. எழுதியவர் கேட்டதையெல்லாம் திருத்திப் புஷ் செய்தாலும், அதனால் மட்டும் அந்தக் குறி மறைவதில்லை. ஆகவே, எப்போதோ ஒரு நாள் திருத்தம் கேட்கப்பட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை.

இதைவிடத் தொல்லையானது, திரைக்குப் பின்னால் நடப்பது. ரிவியூவைச் சமர்ப்பித்த உடனே, ரிவியூ கோரப்பட்டவர்களின் பட்டியலிலிருந்து அந்த ரிவியூவரின் பெயர் நீங்கிவிடுகிறது. `review-requested:@me` என்று தேடித் தம் வேலையை எடுத்துக்கொள்பவரின் கண்ணில், எழுதியவர் மீண்டும் ரிவியூ கோரும் வட்ட அம்புக்குறியை அழுத்தும்வரை அந்தப் புல் ரிக்வெஸ்ட் படவே படாது.

என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புதிய பங்களிப்பாளர் ஒருவர் ஒரு பிழையைச் சரிசெய்யும் புல் ரிக்வெஸ்டை 3ஆம் தேதி அனுப்பினார்; 5ஆம் தேதி ரிவியூவர் மூன்று திருத்தங்கள் கேட்டார்; 6ஆம் தேதியே எழுதியவர் இரண்டைத் திருத்திப் புஷ் செய்து, மூன்றாவதின் கீழ் ஒரு கேள்வி எழுப்பினார். வட்ட அம்புக்குறியை அவர் அழுத்தவில்லை, அப்படி ஒன்று இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவுமில்லை. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்துச் சிவப்புக் குறியை மட்டும் பார்த்த நான், எழுதியவரிடமிருந்து பதில் இல்லை என்று காரணம் காட்டி அதை மூடினேன். பதில் இரண்டு மாதங்களாக அங்கேயே இருந்தது! அவர் திரும்பி வரவில்லை. அதே பிழையை எங்களுள் ஒருவர் முதலிலிருந்து ஆராய்ந்து சரிசெய்ய ஒரு வாரம் பிடித்தது. அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இப்போது மூடுவதற்கு முன் இதை ஓட்டிப் பார்க்கிறேன்:

```
gh pr view 412 --json reviewRequests,reviews,commits
```

கடைசி ரிவியூவுக்குப் பின் புஷ் எதுவும் இல்லை, கேட்ட கேள்விக்கு விடையும் இல்லை என்றால் எழுதியவர்தான் காரணம். புஷ் வந்திருந்து, `reviewRequests` பட்டியலில் ரிவியூவரின் பெயரும் இருந்தால், அவருக்குத் தெரிந்தும் காத்திருக்கிறது என்று கொள்ளலாம். புஷ் வந்திருந்தும் பட்டியல் வெறுமையாக இருந்தால், இருவரும் தத்தம் பங்கை முடித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே தவறியது நடைமுறை. ஒரு எச்சரிக்கை: கமிட்டின் தேதி அது எழுதப்பட்ட நாளையே காட்டும், புஷ் செய்த நாளைக் காட்டாது. வெள்ளிக்கிழமை எழுதிய கமிட் மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்திருக்கலாம். ஐயம் இருந்தால் உரையாடல் பக்கத்தைக் கீழிருந்து மேலாகப் படித்து, ஒரு மனிதர் இன்னொருவரிடம் கடைசியாக எதைக் கேட்டார் என்று பாருங்கள்.

## கடைசியாகப் புதுப்பித்த நாளை நம்புவது

பாட் ஒரு லேபிளை ஒட்டினாலும் அந்த நாள் மாறிவிடும்.

## பேசாத ரிவியூவர் பார்க்கவே இல்லை என்று முடிவு கட்டுவது

அவர் வரிவரியாகக் கருத்து எழுதிவிட்டு, ரிவியூவைச் சமர்ப்பிக்க மறந்திருக்கலாம். அந்தக் கருத்துகள் `Pending` என்ற குறியுடன் அவருக்கு மட்டுமே தெரியும். பதில் வரவில்லையே என்று அவரும் காத்திருப்பார். கடுமையாக நினைவூட்டுவதற்கு முன், சமர்ப்பித்தீர்களா என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

## ஒப்புதல் கிடைத்தும் மெர்ஜ் ஆகாததற்கு ஆளைத் தேடுவது

ஆவணக் கோப்பு ஒன்றை மட்டும் மாற்றிய புல் ரிக்வெஸ்ட், ஒப்புதல் பெற்றும் வாரக்கணக்கில் நிற்பதுண்டு. கீழே `Expected — Waiting for status to be reported` என்று இருந்தால், கட்டாயமாக்கப்பட்ட ஒரு சோதனை ஓடவே இல்லை என்று பொருள். குறிப்பிட்ட கோப்புறைகள் மாறினால் மட்டுமே ஓடும்படி அந்த வொர்க்ஃப்ளோவுக்கு `paths` வடிகட்டி போட்டிருப்பார்கள். வொர்க்ஃப்ளோ தொடங்காததால் முடிவும் வராது, முடிவு வராததால் மெர்ஜ் பொத்தானும் திறக்காது. ஆவணத்தை மட்டும் தொட்ட வேறு புல் ரிக்வெஸ்ட்களும் அதே வரியில் நிற்கின்றனவா என்று பார்த்தால் உறுதியாகிவிடும். வடிகட்டியை வொர்க்ஃப்ளோவிலிருந்து எடுத்துவிட்டு, மாறிய கோப்புகளைக் கண்டறியும் ஒரு ஜாபை முதலில் ஓடவிட்டு, அதன் விடையைச் சோதனை ஜாபின் `if` வரியில் நிபந்தனையாக வைத்தால், தவிர்க்கப்பட்ட ஜாப் வெற்றி பெற்றதாகவே பதிவாகி வழி திறக்கும்.