மண் களத்தில் ஷூவா, வெறுங்காலா?

கபடிக்கும் கோ-கோவுக்கும் மண் களத்தில் தடித்த குதிகால் கொண்ட ஓட்டப் பயிற்சி ஷூ வேண்டாம். சட்டென்று திரும்பும்போது உயரமான அடிப்பகுதி பக்கவாட்டில் சாய்ந்து கணுக்கால் பிசகும். மெல்லிய, தட்டையான ரப்பர் அடி கொண்ட கேன்வாஸ் ஷூ போதும். கபடியில் கூர்முனை ஷூ கூடவே கூடாது; பிடிக்க வருபவரின் கையைக் கிழித்துவிடும்.

களத்தைக் கிளறி, கல், கண்ணாடித் துண்டு பொறுக்கி, தண்ணீர் தெளித்திருந்தால் வெறுங்காலே பாதுகாப்பு. ஈரம் பதமா என்று பார்க்க மண்ணைப் பிடித்து அழுத்துங்கள்: உருண்டையாக நின்று, தட்டினால் உதிர வேண்டும். கையில் ஒட்டினால் கால் வழுக்கும். ஆடு, மாடு, நாய் திரியும் களமென்றாலோ, பாதத்தில் வெடிப்பு இருந்தாலோ ஷூ அவசியம். டெட்டனஸ் ஊசியையும் தவறவிடாதீர்கள்.