ஏர்பிளேன் மோடில் இயர்பட்ஸ்: ப்ளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் செய்யும் முறை

விமானத்தின் கதவை மூடியதும் போனை ஏர்பிளேன் மோடில் போடச் சொல்வார்கள். போட்டவுடன் காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று நின்றுவிட்டால், பலர் ஏர்பிளேன் மோடையே எடுத்துவிடுகிறார்கள். பாட்டு திரும்ப வந்துவிடும்தான், ஆனால் கூடவே சிம் சிக்னலும் உயிர்பெற்றுவிடும். அதற்கு அவசியமே இல்லை. ஏர்பிளேன் மோடைத் தொடாமல் ப்ளூடூத்தை மட்டும் தனியாக ஆன் செய்துகொள்ளலாம். எந்த வரிசையில் செய்வது, எங்கே அழுத்துவது என்று தெரிந்தால் அரை நிமிட வேலை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இது புரிந்தால் மற்றதெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

போனுக்குள் ரேடியோ என்று ஒன்றல்ல, பல இருக்கின்றன. சிம் கார்டுக்கான ரேடியோ பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவரோடு பேச வேண்டும். 4ஜி போன் அதிகபட்சம் சுமார் 0.2 வாட் வரை சக்தி செலவழித்துக் கத்தும், பழைய 2ஜியில் அது 2 வாட் வரை போகும். மேலே பறக்கும்போது டவர் சரியாகக் கிடைக்காததால், விட்டால் முழு மூச்சோடு தேடிக்கொண்டே இருக்கும். ப்ளூடூத்துக்கு அந்த வேலை இல்லை. கையிலிருக்கும் போனிலிருந்து காதுக்குப் பாட்டு போனால் போதும் என்பதால் சில மில்லிவாட்டோடு முடித்துக்கொள்கிறது. ஏர்பிளேன் மோட் முக்கியமாக அணைக்க வேண்டியது டவர் ரேடியோவை. ப்ளூடூத், வைஃபை இரண்டும் தனித்தனி சுவிட்சுகள், அவற்றை நாம் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இது குறுக்கு வழியும் அல்ல. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. 2013இல் இது பற்றிய விதிகளைத் தளர்த்தியபோதே, ஏர்பிளேன் மோடில் இருக்கும் கருவிகளோடு குறுந்தூர ப்ளூடூத் துணைக்கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் நீங்கள் ஏறியிருக்கும் விமானத்தில் பணிக்குழு சொல்வதுதான் கடைசி வார்த்தை. கடும் மூடுபனியில் தரையிறங்கும் நேரம் போன்ற சமயங்களில் எல்லாவற்றையும் முழுதாக அணைக்கச் சொல்லலாம். சொன்னால் அணைத்துவிடுங்கள்.

படி 1: வீட்டிலேயே ஒரு ஒத்திகை

கிளம்புவதற்கு முந்தைய நாள் இயர்பட்ஸையும் அதன் டப்பாவையும் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். பார்க்கப்போகும் படங்களையும் பாட்டுகளையும் அந்தந்த ஆப்பிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். பிறகு போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபையும் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டவுன்லோட் செய்ததை ஓடவிடுங்கள்.

இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விமானத்தில் 'இயர்பட்ஸ் வேலை செய்யவில்லை' என்று தோன்றும் சமயங்களில் இயர்பட்ஸ் ஒழுங்காக இணைந்திருக்கும், ஆப்தான் இன்டர்நெட் இல்லாமல் விழித்துக்கொண்டிருக்கும். பட்டியலில் பாட்டின் பெயர் தெரிகிறது என்பதற்காக அது போனில் இறங்கியிருக்கிறது என்று நம்ப முடியாது. இரண்டு மூன்றை ஓடவிட்டு, நடுவில் கொஞ்சம் தள்ளியும் பாருங்கள்.

இயர்பட்ஸ் புதிதாக இருந்தால் முதல் இணைப்பையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ப்ளூடூத் இணைப்புக்கு இன்டர்நெட் தேவையில்லை, விமானத்திலும் இணைக்கலாம். ஆனால் அங்கே சுற்றியிருப்பவர்களின் இயர்பட்ஸும் வாட்சும் உங்கள் பட்டியலில் வந்து நிற்கலாம். ஒரே மாடல் மூன்று இருந்தால் உங்களுடையது எது என்று தேட வேண்டிவரும். ப்ளூடூத் செட்டிங்ஸில் இயர்பட்ஸின் பெயரை மாற்றி வைத்தால் உங்களுடையதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

படி 2: முதலில் இயர்பட்ஸ், பிறகு ஏர்பிளேன் மோட்

இருக்கையில் உட்கார்ந்ததும் இயர்பட்ஸைக் காதில் போட்டு, போனோடு இணைந்துவிட்டதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஏர்பிளேன் மோட். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு.

2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், ப்ளூடூத்தில் ஹெட்போனோ காது கேட்கும் கருவியோ இணைந்திருக்கும்போது ஏர்பிளேன் மோட் போட்டால், போன் ப்ளூடூத்தை அணைக்காமல் விட்டுவிடும். எதுவும் இணையாமல் சும்மா இருந்தால் அணைத்துவிடும். ஆக, வரிசை சரியாக இருந்தால் பாட்டு நிற்காமலே ஓடும், மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. புதிய ஐபோன்களிலும் ஏர்பிளேன் மோட் ப்ளூடூத்தை விட்டுவைக்கிறது. முன்பு ஒருமுறை ஏர்பிளேன் மோடில் இருக்கும்போது நீங்களே ப்ளூடூத்தை ஆஃப் செய்திருந்தால் மட்டும், அதை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த முறையும் ஆஃப் செய்யும்.

ஒரே மாதிரி இரண்டு போன்களில் ஒன்றில் பாட்டு நிற்பதும் இன்னொன்றில் நிற்காததும் பெரும்பாலும் இதனால்தான்.

படி 3: ப்ளூடூத் போய்விட்டால் திரும்ப ஆன் செய்வது

ஆண்ட்ராய்டில் திரையின் மேலிருந்து விரலைக் கீழே இழுங்கள். விமானப் படம் போட்ட பொத்தான் ஒளிர்ந்தபடி இருக்கும், அதை விட்டுவிடுங்கள். பக்கத்தில் ப்ளூடூத் பொத்தானை மட்டும் ஒருமுறை தொடுங்கள். சில போன்களில் தொட்டவுடன் ஆன் ஆகிவிடும், சிலவற்றில் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதிலிருக்கும் சுவிட்சைத் தள்ளி, கீழே தெரியும் இயர்பட்ஸின் பெயரைத் தொட வேண்டும். இப்போது திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். விமானப் படம் இருக்க வேண்டும், சிக்னல் கோடுகள் இருக்கக் கூடாது. இதுதான் சரியான நிலை.

ஐபோனில் கொஞ்சம் கவனம் தேவை. கன்ட்ரோல் சென்டரில் இருக்கும் ப்ளூடூத் பொத்தானுக்கு ஆன், ஆஃப் என்று இரண்டு நிலைகள் அல்ல, மூன்று. நீலமாக இருந்தால் ஆன். கோடு குறுக்கே விழுந்திருந்தால் முழு ஆஃப். இரண்டும் இல்லாமல் நிறம் மங்கியிருந்தால், ப்ளூடூத் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் இயர்பட்ஸோடு மட்டும் பேசாது. நீலப் பொத்தானைத் தெரியாமல் தட்டிவிட்டால் வருவது இந்த மூன்றாவது நிலை. நீங்களாகத் திரும்பத் தொடும் வரை, அல்லது மறுநாள் காலை 5 மணி வரை, அது அப்படியே இருக்கும். மறுபடி ஒருமுறை தொட்டு நீலமாக்குங்கள், அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் Settings போய் Bluetooth திறந்து பாருங்கள். இயர்பட்ஸின் பெயருக்கு எதிரே Connected என்று வந்திருக்க வேண்டும்.

ஒருமுறை பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர், "தம்பி, பாட்டு காதுல வராம போன்ல வெளிய கேக்குது, எல்லாரும் பாக்கறாங்க" என்று போனை நீட்டினார். விமானப் படம் இருந்தது, ப்ளூடூத்தும் ஆனில் இருந்தது. பட்டியலில் இயர்பட்ஸுக்கு எதிரே Connected இல்லை. "ஐயா, வேற எதுலயாவது இதைப் போட்டுக் கேப்பீங்களா?" என்று கேட்டேன். மேலே பைக்குள் லேப்டாப் இருந்தது, மூடிய வேகத்தில் அது இன்னும் தூங்கவில்லை. இயர்பட்ஸ் அதனோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. லேப்டாப்பை எடுத்து அணைத்தார், போனில் பெயரைத் தொட்டார், பாட்டு காதுக்கு வந்துவிட்டது.

ஆகவே ப்ளூடூத் ஆனில் இருந்தும் சத்தம் வராவிட்டால், முதலில் இன்னொரு கருவியைச் சந்தேகியுங்கள். அதுவும் இல்லையென்றால் இரண்டு இயர்பட்ஸையும் டப்பாவில் வைத்து மூடி, பத்து விநாடி விட்டுத் திறங்கள். போனில் இணைப்பையே அழித்துவிட்டுப் புதிதாக இணைப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்யும்போது, ஆண்ட்ராய்டில் வழக்கமாகத் தானே எட்டிப்பார்க்கும் இணைப்பு அட்டை இன்டர்நெட் இல்லாததால் வராமல் போகலாம். ப்ளூடூத் செட்டிங்ஸுக்குள் போய்ப் பெயரைத் தேடி இணையுங்கள். உங்கள் திரையில் யாருடையதோ ஒரு கருவி இணைய அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

படி 4: பறக்கும்போது

பாட்டு இடையிடையே விட்டு விட்டு வந்தால் போன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் நன்றாகவே தடுக்கும். பின் பாக்கெட்டில் போன் மேல் உட்கார்ந்திருந்தால், நிறைய பேர் ப்ளூடூத் பயன்படுத்தும் கேபினில் விட்டு விட்டுத்தான் கேட்கும். மடியிலோ முன்னால் இருக்கும் தட்டிலோ வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பாதுகாப்பு விளக்கம் நடக்கும்போதும் அறிவிப்புகளின்போதும் ஒரு காதையாவது திறந்து வையுங்கள். இறங்கும்போது காது அடைத்தால் இயர்பட்ஸைக் கழற்றிவிட்டு எச்சில் விழுங்குங்கள், இறுக்கமான ரப்பர் முனை காதை மூடிக்கொண்டிருந்தால் எரிச்சல்தான் கூடும்.

ஒரு இயர்பட் நழுவி இருக்கையின் இடுக்கில் விழுந்துவிட்டால், இருக்கையைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ செய்யாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, இருக்கையின் இரும்புப் பொறியில் நசுங்கினால் சூடாகித் தீப்பிடிக்கலாம். விழுந்த இடத்தைக் காட்டிப் பணிக்குழுவைக் கூப்பிடுங்கள். இதே காரணத்தால்தான் டப்பாவையும் செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

படி 5: தரையிறங்கிய பிறகு

பணிக்குழு அனுமதித்ததும் விமானப் படத்தைத் தொட்டு ஏர்பிளேன் மோடை எடுங்கள். ப்ளூடூத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, இணைப்பு அப்படியே நிற்கும்.

புதிய போன்கள் உங்கள் விருப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள். ஏர்பிளேன் மோடில் ப்ளூடூத்தை ஆன் செய்திருந்தால், இரவில் தூங்கப்போகும்போது ஏர்பிளேன் மோட் போட்டாலும் ப்ளூடூத் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது வேண்டாம் என்றால், ஏர்பிளேன் மோடில் இருக்கும்போதே Settings உள்ளே போய் ஒருமுறை ப்ளூடூத்தை ஆஃப் செய்யுங்கள்.

அப்புறம், இயர்பட்ஸைச் சட்டைப் பையில் சும்மா போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். டப்பாவில் வைத்து மூடினால்தான் இணைப்பு துண்டிக்கும். இல்லாவிட்டால் வெளியே காத்திருப்பவர் கூப்பிடும்போது, அவர் குரல் உங்கள் பைக்குள் கேட்டுக்கொண்டிருக்கும்.