வீட்டு லோன் வட்டியை குறைக்க சொல்லி பேங்க்ல கேக்கும்போது பண்ற தப்புகள்

நிறைய பேர் பண்ற முதல் தப்பு, பேங்க்ல போய் "சார் ரொம்ப கஷ்டமா இருக்கு, வட்டிய கொஞ்சம் குறைங்க"ன்னு கேக்குறது. தயவுசெஞ்சு இப்படி கேக்காதீங்க. கஷ்டம்னு சொன்னதும் அவங்க கண்ணுக்கு நீங்க தவணை தவறப்போற ஆளாத்தான் தெரிவீங்க, அப்படிப்பட்ட ஆளுக்கு யாரும் வட்டிய குறைக்க மாட்டாங்க. நிஜமாவே கட்ட முடியலன்னா அது வேற கோரிக்கை, தவணைய மாத்தி அமைக்க சொல்லி தனியா கேக்கணும்.

வட்டி குறையணும்னா நீங்க வேற பேங்குக்கு போயிடக்கூடிய நல்ல கஸ்டமர்னு அவங்களுக்கு தெரியணும். லெட்டர்ல மூணு விஷயம் போதும். இத்தனை வருஷத்துல ஒரு தவணை கூட தவறல, வீட்டு மதிப்பு 60 லட்சம் ஆனா பாக்கி 30 லட்சம்தான், இதே பேங்க் புதுசா லோன் வாங்குறவங்களுக்கு 8.5% குடுக்குது எனக்கு மட்டும் 9.25%. இதோட வேற பேங்க் எழுத்துல குடுத்த ஆஃபர் லெட்டரையும் வச்சீங்கன்னா பேச்சே மாறும். வாய்ல "அவங்க கம்மியா தராங்க"ன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஃபோன்ல மட்டும் கேட்டுட்டு விடாதீங்க, எழுதி குடுத்து தேதி போட்டு கையெழுத்து வாங்குங்க.

இதைவிட பெரிய தப்பு ஒண்ணு இருக்கு, மாசத் தவணை குறைஞ்சதுன்னு சந்தோஷத்துல கையெழுத்து போடுறது. அதே 30 லட்சத்தையே எடுத்துக்கோங்க, இன்னும் 15 வருஷம் பாக்கி, 9.25%ல தவணை சுமார் 30,880 வருது. 8.5% ஆனா சுமார் 29,540, மாசம் 1,330 மிச்சம், மொத்தமா 2.4 லட்சம். ஆனா பேங்க் "26,000 கட்டுனா போதும்"னு சொல்லி லோன மறுபடி 20 வருஷத்துக்கு நீட்டிட்டா, வட்டி குறைஞ்சும் நீங்க மொத்தத்துல கிட்டத்தட்ட 7 லட்சம் கூடுதலா கட்டுவீங்க! அதனால "எத்தனை மாசம் பாக்கி"ங்கிற வரிய மொதல்ல பாருங்க, அது 180ஐ தாண்டக்கூடாது.

முடிஞ்சா தவணைய குறைக்காம பழைய 30,880ஐயே கட்டுறேன்னு சொல்லுங்க. அப்போ லோன் 165 மாசத்துல முடிஞ்சிடும், மிச்சம் 4.6 லட்சம் பக்கம் வரும். இத நாமளாத்தான் கேக்கணும், அவங்களா பெரும்பாலும் சொல்றதில்ல.

வட்டிய மாத்த கட்டணம் கேட்டா அதையும் கணக்கு போடுங்க. பாக்கில அரை சதவீதம்னா 15,000, மாசம் 1,330 மிச்சத்துல பதினொண்ணு பன்னெண்டு மாசத்துல திரும்ப வந்துடும். ரெண்டு மூணு வருஷத்துல வீட்ட விக்கிற எண்ணம் இருந்தாலும் பரவால்ல, ஆறு மாசத்துல லோன மொத்தமா அடைக்கப்போறீங்கன்னா அந்த கட்டணம் வீண். மாத்துனதுக்கு அப்புறம் அடுத்த ஸ்டேட்மென்ட்ல புது வட்டி எந்த தேதிலருந்து போட்டிருக்காங்கன்னு கண்டிப்பா பாத்துடுங்க.