வாசிப்புப் பூட்டு நகலெடுப்பைத் தடுக்கும், மாற்றிப் பதிப்பதைத் தடுக்காது

திருகோணமலையில் மீன்களஞ்சியக் குளிரறைகளுக்கென நாங்கள் செய்த வெப்பநிலைப் பதிவுக் கருவியில் STM32F4 சில்லு இருக்கிறது. அதன் வாசிப்புப் பாதுகாப்பை முதலாம் நிலையில் வைக்கும் கட்டளை இது:

```
STM32_Programmer_CLI -c port=SWD -ob rdp=0xBB
```

மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்து மீண்டும் கொடுத்த பின், பிழைத்திருத்தியால் பிளாஷ் நினைவகத்தை வாசிக்க முயன்றால் பிழைச்செய்தி வர வேண்டும். வராவிட்டால் பூட்டு விழவில்லை.

ஆனால், பூச்சிய நிலைக்குத் திரும்பும்போது பிளாஷ் முழுவதும் அழிக்கப்படுவதால் எங்கள் நிரல் களவு போகாதெனினும், வெறுமையான அந்தச் சில்லில் எவரும் தமது நிரலைப் பதித்து, பொய்யான வெப்பநிலையைக் காட்டச் செய்யலாம். பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுவே.

அதைத் தடுக்க, ஒவ்வொரு முறையும் பிரதான நிரலின் மின்கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே அதை இயக்கும் சிறிய தொடக்க நிரலை, எழுதத் தடைசெய்யப்பட்ட முதல் பகுதியில் வைத்து, 0xCC மூலம் இரண்டாம் நிலைக்குச் செல்ல வேண்டும். கருவிக்குள் பொதுத் திறவுகோல் மட்டுமே இருக்கட்டும். இரண்டாம் நிலையிலிருந்து மீளவே முடியாது, பிழைத்திருத்த இணைப்பும் நிரந்தரமாக மூடப்படும். ஆகையால், கையொப்பமிட்ட புதுப்பிப்பு ஏற்கப்படுவதையும், ஒரு பைட் மாற்றிய கோப்பு நிராகரிக்கப்படுவதையும் முதலாம் நிலையிலேயே சோதித்துவிடுங்கள்.