மஞ்சப்பையும் ஸ்கூல் பேக்கும்: என் விலைக் கணக்கு

மூன்று தையல் மெஷின் வைத்து மஞ்சப்பையும் ஸ்கூல் பேக்கும் தைக்கிறேன். வாடகை 12,000, கரண்ட் 3,000. அப்புறம் என் உழைப்புக்கு 21,000. மேற்பார்வைக்கு ஆள் வைத்தால் கொடுக்க வேண்டிய சம்பளம் அது. மாதம் மொத்தம் 36,000 ரூபாய்.

இதை 6,000 உருப்படிக்கும் சமமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 6 ரூபாய் ஏற்றினேன். துணி, கூலி, லாபம் தனி. மஞ்சப்பை ஆர்டர் நழுவியது. ஸ்கூல் பேக் ஆர்டர் குவிந்தது, கையில் காசு மட்டும் நிற்கவில்லை.

ஒரு வாரம் கடிகாரத்தோடு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மஞ்சப்பைக்கு 2 நிமிடம். ஜிப், பட்டை, உள்துணி எல்லாம் சேர்த்து ஸ்கூல் பேக்குக்கு 26 நிமிடம். மாதம் 5,000 பை, 1,000 பேக். மொத்தம் 36,000 நிமிடம். ஆக, நிமிடத்துக்கு 1 ரூபாய். மஞ்சப்பைக்கு 2 ரூபாய்தான் ஏற வேண்டும், பேக்குக்கு 26. ஒவ்வொரு பேக்கிலும் 20 ரூபாயை மஞ்சப்பை சுமந்திருக்கிறது!

விலையை மாற்றினேன். பேக் வாங்கியவர்களில் சிலர் போனார்கள், சரி. மஞ்சப்பை ஆர்டர் திரும்பியது.

ஒன்றில் கவனம் வேண்டும்: ஆர்டர் குறைந்த மாதத்தின் நிமிடங்களால் வகுத்தால் விலை ஏறி, இருக்கிற ஆர்டரும் போய்விடும். சாதாரண மாதத்து நிமிடத்தால்தான் வகுக்கிறேன்.