அச்சில் 144, கிடைப்பது 100: வினா வங்கி தொகுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வினாத்தாள்களைப் பாடவாரியாகப் பிரித்துவிடுவார்கள். மதிப்பெண் போடும்போதுதான் சறுக்குவார்கள்.

'எவையேனும் 10'-ஐ மறந்து கூட்டுவது

கோத்தகிரியில் ஒரு மாலை வகுப்பு. எஸ்டேட் பிள்ளைகள் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால் படிக்கக் கிடைப்பது குறைந்த நேரம். அதை வினா வங்கியின் கூட்டுத்தொகையைப் பார்த்துப் பங்கிட்டார்கள். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் செய்முறை வடிவியலுக்கு 16, வரைபடத்துக்கு 16 என்று இருந்தது. தாளிலோ இரண்டுக்கும் சேர்த்தே 16தான்.

அந்தத் தாளில் அச்சாகியிருப்பதையெல்லாம் கூட்டினால் 14 + 28 + 70 + 32 = 144 வரும். இரண்டு மதிப்பெண் பகுதியிலும் ஐந்து மதிப்பெண் பகுதியிலும் 14-இல் 10 எழுதினால் போதும். எட்டு மதிப்பெண்ணில் 'அல்லது' உண்டு. 144-ஐ வைத்துக் கணக்கிட்டால் எல்லாருமே எழுத வேண்டிய ஒரு மதிப்பெண் வினாக்களின் பங்கு சுருங்கி, வரைபடம் ஊதிப்போகும். விதி தாளிலேயே அச்சாகியிருந்தும் இப்படிச் செய்வதைப் பார்த்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

சரிசெய்ய, வினா வங்கி விரிதாளில் அச்சு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் 'பங்கு மதிப்பெண்' என்று இன்னொரு பத்தி போடுங்கள். 28-ஆம், 42-ஆம் வினாக்கள் கட்டாயம் என்பதால் அவற்றுக்கு முழு 2, முழு 5. மற்ற 13-இல் 9 எழுத வேண்டும். ஆகவே இரண்டு மதிப்பெண் வினாவுக்கு 2 × 9/13, அதாவது ஏறத்தாழ 1.38, ஐந்துக்கு 3.46. 'அல்லது' வினா ஒவ்வொன்றுக்கும் 4. தசமத்தை முன்கூட்டியே வெட்டாமல், அச்சு மதிப்பெண் D பத்தியில் இருந்தால் `=D2*9/13` என்றே விடுங்கள். ஒரு தாளின் பங்குகளைக் கூட்டினால் சரியாக 100 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு கட்டாய வினா விருப்ப வினாவாகப் பதிவாகியிருக்கும், அல்லது ஒரு வரி விடுபட்டிருக்கும்.

பிள்ளைகள் எளிதான வினாவையே தேர்ந்தெடுப்பார்கள். இந்தப் பங்கு அதைச் சொல்லாது. நாட்களை ஒதுக்க மட்டும் இது உதவும்.

'அல்லது' ஜோடியைப் பிரிப்பது

43 அ, 43 ஆ இரண்டுக்கும் ஒரே குழு எண் கொடுங்கள். விரிதாளின் தனித்தனிப் பக்கங்களுக்குப் போய்விட்டால் எதற்கு மாற்றாக எது வந்தது என்பது தெரியாமல் போகும்.

விடைக்குறிப்பைக் கடைசி விடைக்கு மட்டும் பார்ப்பது

உருளை மேல் கூம்பு வைத்த ஐந்து மதிப்பெண் கணக்கில் சூத்திரம், பிரதியிடல், விடை ஒவ்வொன்றுக்கும் விடைக்குறிப்பு எவ்வளவு தருகிறதோ அதை அப்படியே வரிவரியாக எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு பிள்ளை எந்தப் படியில் மதிப்பெண்ணை விடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

எண் மாறி வந்த கணக்கு

அதே கணக்கு வேறு எண்களோடு வந்தால் அது புது வினா அல்ல. பழைய வரியிலேயே ஆண்டைச் சேருங்கள்.

ஸ்கேன்

ஸ்கேன் செய்த தாளை எழுத்தாக மாற்றும்போது x² என்பது x2 ஆகியிருக்கும். அடுக்குகளைக் கண்ணால் பாருங்கள்.